அரசர்களும் சீர்திருத்தங்களும்: பொருத்துக வினாவில் பாதி சரியான விடைக்கு எவ்வளவு மதிப்பெண்?

கேள்வி: வரலாற்றுத் தேர்வில் ‘பொருத்துக’ வினா ஒன்று வைத்தேன். இடப்பக்கம் ஐந்து அரசர்கள், வலப்பக்கம் ஐந்து சீர்திருத்தங்கள், மொத்தம் 5 மதிப்பெண். ஒரு மாணவி ஷெர்ஷாவுக்கும் அக்பருக்கும் உரியதை மாற்றிப் போட்டுவிட்டாள். 3 கொடுத்தேன். “நான் செய்தது ஒரே தப்பு, 4 தர வேண்டும்” என்கிறாள். இன்னொரு ஆசிரியர், “ஐந்தும் சரியாக இருந்தால் மட்டும் மதிப்பெண் கொடு, குழப்பமே இல்லை” என்கிறார். எது நியாயம்?

பதில்:

இந்தத் தாளுக்கு 3 தான். சரியான ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு மதிப்பெண் என்ற கணக்கை மாற்றாதீர்கள். ஆனால் மாணவி கேட்பதை அப்படியே தள்ளிவிடவும் முடியாது. அவள் உணர்ந்த அநியாயம் உண்மையானது. அது நீங்கள் திருத்திய விதத்தில் இல்லை, வினா அமைந்த விதத்தில் இருக்கிறது. அதைத் திருத்தும் நேரத்தில் சரிசெய்யப் போனால் வேறு யாருக்காவது அநியாயம் நடக்கும். அடுத்த தேர்வுக்கு வினாவையே வேறு மாதிரி அமைத்தால் இந்தச் சிக்கல் எழாது. இரண்டையும் விரிவாகச் சொல்கிறேன்.

வினா எப்படி இருந்தது என்று நீங்கள் முழுதாகத் தரவில்லை. அதனால் இப்படி இருந்ததாக வைத்துக்கொள்வோம்: அலாவுதீன் கில்ஜிக்குச் சந்தை விலைக் கட்டுப்பாடு, முகமது பின் துக்ளக்குக்கு அடையாள நாணயம், பிரோஸ் ஷா துக்ளக்குக்குப் பாசனக் கால்வாய்கள், ஷெர்ஷாவுக்குப் பட்டாவும் கபூலியத்தும், அக்பருக்கு மன்சப்தாரி முறை. இவை சரியான ஜோடிகள். வலப்பக்கத்தில் இவை வரிசை மாறிக் கிடக்கும். ஒவ்வொன்றையும் ஒரு முறைதான் பயன்படுத்த வேண்டும்.

இந்த அமைப்பில் யாராலும் 4 மதிப்பெண் வாங்க முடியாது. நான்கு ஜோடி சரியாகிவிட்டால் மிஞ்சியிருக்கும் ஒரே அரசருக்கு மிஞ்சியிருக்கும் ஒரே சீர்திருத்தம் தானாகப் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் 5, 3, 2, 1, 0 என்றுதான் மதிப்பெண் விழும். உங்கள் வகுப்பின் மதிப்பெண் பட்டியலை எடுத்துப் பாருங்கள். எல்லாரும் எல்லா வரிசையையும் நிரப்பியிருந்தால் 4 என்ற எண்ணே அதில் இருக்காது. ஒரு தவறு என்று ஒன்று இங்கே தனியாக நிகழவே முடியாது. ஒரு சீர்திருத்தத்தைத் தவறான அரசரிடம் கொடுத்த உடனேயே அதற்கு உரிய அரசர் வெறுங்கையோடு நிற்பார். அவருக்கும் தவறான ஒன்றுதான் கிடைக்கும். ஆகவே மாணவி சொல்வது ஒரு வகையில் சரி. அவளுடைய நினைவில் இருந்த பிழை ஒன்றுதான், தாளில் அது இரண்டாகப் பதிவானது.

சில நேரம் இது மூன்றாகவும் ஆகும். ஷெர்ஷா வெளியிட்ட வெள்ளி ரூபாய் ஒரு மாணவனுக்கு நன்றாக நினைவிருக்கிறது. நாணயம் என்று பார்த்ததும் ‘அடையாள நாணயம்’ என்பதை ஷெர்ஷாவுக்குக் கொடுத்துவிடுகிறான். இப்போது முகமது பின் துக்ளக்குக்குக் கொடுக்க ஏதாவது வேண்டும். துக்ளக் என்றால் கால்வாய் என்று மங்கலாக ஒரு நினைவு. சரி, கால்வாய் அங்கே போகிறது. பிரோஸ் ஷாவுக்கு மிஞ்சியது பட்டாவும் கபூலியத்தும்தான். அலாவுதீனும் அக்பரும் சரியாக அமைய, அவனுக்குக் கிடைப்பது 2. தொடக்கத்தில் இருந்தது நாணயத்தைப் பற்றிய ஒரே ஒரு குழப்பம். அது மூன்று மதிப்பெண்ணைக் கொண்டுபோய்விட்டது.

இதே வினா இன்னொரு பக்கம் சும்மாவும் மதிப்பெண் தருகிறது. மூன்று ஜோடிகள் மட்டும் தெரிந்த ஒருத்தி, மீதி இரண்டைக் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறாள். அவை சரியாக அமையப் பாதி வாய்ப்பு, மாறி அமையப் பாதி வாய்ப்பு. சரியானால் 5, மாறினால் 3. சராசரி 4. நான்கு தெரிந்தவளுக்கு ஐந்தாவது இலவசம். ஒன்றுமே தெரியாதவர் வெறுமனே நிரப்பினாலும் சராசரியாக 1 கிடைக்கும். ஐந்தை ஐந்தோடு சேர்க்க 120 வழிகள் உண்டு. அவற்றில் 44 வழிகளில் ஒன்றுகூடச் சரியாகாது, 45 வழிகளில் ஒன்று சரியாகும், 20 வழிகளில் இரண்டு, 10 வழிகளில் மூன்று, ஒரே ஒரு வழியில் ஐந்தும். கூட்டிப் பார்த்தால் சராசரி சரியாக 1 வரும். ஜோடிகள் ஐந்தாக இருந்தாலும் பத்தாக இருந்தாலும் இந்தச் சராசரி 1 தான், மாறாது.

ஆக, 0 முதல் 4 ஜோடி வரை தெரிந்த எல்லாருக்கும் சராசரியாக ஒரு மதிப்பெண் கூடுதலாகக் கிடைக்கிறது. ஐந்தும் தெரிந்தவருக்கு மட்டும் எதுவும் கூடாது. நான்கு தெரிந்தவரும் ஐந்து தெரிந்தவரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். இதில் என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. தெரியாததைக் குருட்டாம்போக்கில் போட்டவருக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது. தவறாகப் புரிந்துகொண்டு உறுதியாகப் போட்டவருக்கு அந்த வாய்ப்பே இல்லை. உங்கள் மாணவி இரண்டாவது வகையைச் சேர்ந்தவள். ஷெர்ஷாவின் நில வருவாய் முறையை அக்பர் காலத்து நிர்வாகம் தொடர்ந்து வளர்த்தது என்று பாடத்தில் படித்திருப்பாள். அந்தப் படிப்பே அவளைத் தவறான பக்கம் இழுத்திருக்கக்கூடும்.

அப்படியானால் அவள் கேட்கிற 4-ஐக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். கொடுப்பதானால் அதற்கு ஒரு விதி வேண்டும், அந்த விதி எல்லாத் தாளுக்கும் பொருந்த வேண்டும். அவள் கேட்பதை விதியாக எழுதினால் இப்படி வரும்: விடையைச் சரியாக்க எத்தனை இடமாற்றம் தேவையோ அத்தனை மதிப்பெண்ணைக் கழி. இரண்டு மாறிக் கிடந்தால் ஒரு இடமாற்றம் போதும், எனவே 4. மூன்று சுற்றி மாறியிருந்தால் இரண்டு இடமாற்றம், எனவே 3. கேட்க அழகாக இருக்கிறது. முழுவதும் தவறான ஒரு தாளில் இதைப் போட்டுப் பாருங்கள். ஒருவன் ஷெர்ஷாவையும் அக்பரையும் தங்களுக்குள் மாற்றிவிட்டான், மற்ற மூவரையும் தங்களுக்குள் சுற்றி மாற்றிவிட்டான். ஐந்தில் ஒன்றுகூடச் சரியில்லை. ஆனால் முதல் கூட்டத்தைச் சரியாக்க ஒரு இடமாற்றம், இரண்டாவது கூட்டத்துக்கு இரண்டு, மொத்தம் மூன்று. ஆகவே அவனுக்கு 2 மதிப்பெண்! மிக மோசமான விடைக்கும் நான்கு இடமாற்றங்களுக்கு மேல் தேவைப்படாது என்பதால் இந்த விதியில் யாருமே 1-க்குக் கீழே போக மாட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு நிரப்புகிறவரின் சராசரி 1 + 1/2 + 1/3 + 1/4 + 1/5, அதாவது ஏறக்குறைய 2.28. பாடத்தைத் திறந்தே பார்க்காதவருக்கு 5-க்கு 2.28 தருகிற ஒரு விதியை, மூன்று ஜோடிகளைப் படித்துத் தெரிந்துகொண்டவர் முன்னால் வைத்து நியாயப்படுத்த முடியாது.

இதை மாணவிக்குக் காட்டியே விளக்கலாம். “நீ கேட்கிற விதியை இந்தத் தாளுக்கும் போட்டால் இவனுக்கு 2 வருகிறது, ஆனால் ஒன்றும் சரியில்லை, பார்” என்றால் பெரும்பாலான பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். அவளுடைய பிழை ஒன்றுதான் என்பதையும் அதே மூச்சில் ஒப்புக்கொள்ளுங்கள். அதை மறுத்தால் மற்ற விளக்கம் எதுவும் காதில் ஏறாது.

உங்கள் நண்பர் சொல்லும் ‘எல்லாம் அல்லது ஒன்றுமில்லை’ முறையை நான் ஏற்க மாட்டேன். மூன்று தெரிந்து மீதியைக் குருட்டாம்போக்கில் போட்டவளை மறுபடி நினைத்துப் பாருங்கள். அந்த முறையில் அவளுக்குப் பாதி வாய்ப்பில் 5, பாதி வாய்ப்பில் 0. ஒரே அளவு தெரிந்த இருவரில் ஒருவர் முழு மதிப்பெண்ணும் மற்றவர் சுழியும் பெறுவார்கள். குழப்பம் இல்லாமல் போவது திருத்துகிறவருக்குத்தான். ‘அ-3, ஆ-1, இ-5…’ என்று நான்கு தொகுப்புகளைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வினாவிலும் இதே கோளாறு உண்டு, கூடவே இன்னொன்றும் உண்டு. அக்பருக்கு மன்சப்தாரி என்பது மட்டும் தெரிந்தவர், அந்த ஜோடி ஒரே ஒரு தொகுப்பில்தான் இருக்கிறது என்று கண்டால் முழு மதிப்பெண்ணும் பெற்றுவிடுவார். ஆயிரக்கணக்கான தாள்களை இயந்திரம் திருத்தும் இடத்தில் வேறு வழியில்லாமல் அதை வைக்கிறார்கள். கையால் திருத்தும் வகுப்புத் தேர்வில் அதற்குத் தேவையே இல்லை.

ஊகத்தில் கிடைக்கும் அந்த ஒரு மதிப்பெண்ணை எல்லாரிடமும் கழித்துவிடலாமா என்றும் சிலர் கேட்பார்கள். கணக்குப்படி, ஐந்தும் தெரிந்தவரைத் தவிர மற்றவர்களின் சராசரி சரியாகிவிடும். ஆனால் ஒரே ஒரு ஜோடியை உறுதியாகத் தெரிந்து எழுதி, மற்றவற்றை வெறுமையாக விட்டவருக்கு அப்போது 0 விழும். ஊகிக்காதவரிடமிருந்து ஊகத்தைக் கழிப்பது எனக்கு ஒப்பாது. ஆகவே, நடந்து முடிந்த தேர்வுக்கு ‘சரியான ஜோடிக்கு ஒன்று’ என்பதே இருக்கிறவற்றில் குறைந்த அநியாயம். அதுதான் பிள்ளைகள் எதிர்பார்த்த விதியும்கூட.

இதில் ஒரு கிளைச் சிக்கல் உண்டு. யாராவது விதியை மீறி ‘பட்டா, கபூலியத்’ என்பதை ஷெர்ஷா, அக்பர் இருவருக்கும் எழுதியிருந்தால்? ஷெர்ஷாவுக்கு எழுதியது சரி, அக்பருக்கு எழுதியது தவறு, மற்ற மூன்றும் சரியென்றால் 4 வருகிறது. ஏமாற்றிவிட்டான் என்று முதலில் தோன்றும். ஆனால் எண்ணிப் பாருங்கள். விதிப்படி எழுதியிருந்தால் அவனுக்குப் பாதி வாய்ப்பில் 5, பாதி வாய்ப்பில் 3, சராசரி 4. இரண்டு இடத்திலும் எழுதியதால் கிடைப்பதும் 4. கூடுதலாக எதுவும் சம்பாதிக்கவில்லை. தான் சந்தேகப்படுகிறேன் என்பதைத்தான் வெளிப்படையாகக் காட்டியிருக்கிறான். ஆனால் ‘ஒரு முறைதான்’ என்று வினாத்தாளில் அச்சிட்டிருந்தால், அதை நம்பிக் கீழ்ப்படிந்து 3 வாங்கியவள் இருக்கும்போது இவனுக்கு 4 தர முடியாது. அப்போது இரு இடத்தையும் தவறாகவே கொள்ளுங்கள். அச்சிடவில்லை என்றால் 4 கொடுத்துவிடுங்கள்.

அப்புறம், வினாவை எப்படி மாற்றுவது? செய்ய வேண்டியது ஒன்றுதான், விளைவு பெரிது. பக்கங்களைத் திருப்புங்கள். சீர்திருத்தங்களை இடப்பக்கம் வினாவாக வையுங்கள், அரசர்களை வலப்பக்கம் விடைப் பட்டியலாக வையுங்கள். ‘ஒரே அரசர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வரலாம், வராமலும் இருக்கலாம்’ என்று மேலே எழுதுங்கள். வரலாற்றுக்கும் இதுதான் பொருத்தம். ஒரு அரசர் பல சீர்திருத்தங்களைச் செய்திருப்பார். அவருக்கு ஒன்றை மட்டும் ஒட்டிவைப்பது நாம் வினாவுக்காகச் செய்யும் செயற்கை வேலை. நீளமான வாசகம் இடப்பக்கம் இருந்து, சிறிய பெயர்கள் வலப்பக்கம் இருந்தால் மாணவர் ஒவ்வொரு முறையும் நீண்ட பட்டியலை மேலும் கீழும் படித்துக்கொண்டிருக்கவும் வேண்டியதில்லை.

மாதிரிக்கு ஒன்று தருகிறேன்.

1. படைச் செலவைக் கட்டுக்குள் வைக்கத் தானியம், துணி, குதிரை ஆகியவற்றின் சந்தை விலையை நிர்ணயித்தவர்
2. டெல்லி சுல்தான்களில் போர்க்குதிரைகளுக்குச் சூடு போட்டு அடையாளமிடும் முறையை முதலில் கொண்டுவந்தவர்
3. வெள்ளி நாணயத்தின் மதிப்பிலேயே செல்லும்படி மலிவான உலோகத்தில் அடையாள நாணயம் வெளியிட்டவர்
4. யமுனை, சட்லெஜ் நதிகளிலிருந்து பாசனத்துக்குக் கால்வாய்கள் வெட்டுவித்த டெல்லி சுல்தான்
5. உழவர் செலுத்த வேண்டிய வரியைக் குறித்துப் பட்டா தந்து, உழவரிடம் கபூலியத் என்ற ஒப்புதல் பத்திரம் வாங்கும் முறையை நடத்தியவர்
6. பத்தாண்டு விளைச்சலையும் விலையையும் சராசரி எடுத்து நில வரியை நிர்ணயிக்கும் முறையை 1580-இல் கொண்டுவந்தவர்

வலப்பக்கம்: அ. இல்துத்மிஷ், ஆ. பால்பன், இ. அலாவுதீன் கில்ஜி, ஈ. முகமது பின் துக்ளக், உ. பிரோஸ் ஷா துக்ளக், ஊ. ஷெர்ஷா, எ. அக்பர்.

விடை: 1-இ, 2-இ, 3-ஈ, 4-உ, 5-ஊ, 6-எ. இல்துத்மிஷும் பால்பனும் எதற்கும் விடையல்ல. அரசர்களைக் கால வரிசையில் வைத்திருப்பது வேண்டுமென்றேதான். வரிசையிலிருந்து விடையை மோப்பம் பிடிக்க வழி இருக்கக் கூடாது, தேடுகிற பெயரும் சட்டென்று கண்ணில் பட வேண்டும். அதே காரணத்துக்காக இடப்பக்கத்து சீர்திருத்தங்களை இப்படிக் கால வரிசையில் விடாமல் கலைத்துப் போட்டு அச்சிடுங்கள். இங்கே விளக்கத்துக்காக வரிசையாக வைத்திருக்கிறேன்.

இந்த வினாவை அந்த மூன்று பேரும் எழுதினால் என்ன ஆகும்? அடையாள நாணயத்தை ஷெர்ஷாவுக்குக் கொடுத்த பையன் மூன்றாவதில் மட்டும் ஒரு மதிப்பெண் இழப்பான். ஷெர்ஷாவை அவன் அங்கே ‘செலவழித்துவிடவில்லை’. ஐந்தாவதிலும் ஷெர்ஷாவை எழுதலாம். கால்வாய்க்குப் பிரோஸ் ஷாவையே எழுதவும் எதுவும் தடையில்லை. ஒரு குழப்பம், ஒரு மதிப்பெண், கணக்கு அங்கேயே முடிந்தது. உங்கள் மாணவி பட்டாவை அக்பருடையது என்று நினைத்தாலும் ஆறாவதிலும் அக்பரை எழுதி 5 வாங்குவாள். அவள் கேட்ட ‘ஒரு தப்புக்கு ஒரு மதிப்பெண்’ என்பது இங்கே எந்தச் சிறப்பு விதியும் இல்லாமல் தானாகவே நடக்கிறது. நான்கு மட்டும் தெரிந்தவளுக்கு மீதி இரண்டும் இனி இலவசமாக வராது. ஒவ்வொன்றிலும் ஏழில் ஒரு வாய்ப்புதான். அவளுடைய சராசரி 4-க்கு மேல் 2/7, அதாவது ஏறக்குறைய 4.3. ஆறுக்கு ஆறு என்ற பழைய அமைப்பில் அதே நான்கு தெரிந்தவளின் சராசரி 5 ஆக இருந்திருக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். ஒன்றுமே தெரியாதவர் இந்த வினாவில் ஊகித்தாலும் சராசரி 6/7, ஏறக்குறைய 0.86. பழைய அமைப்பின் 1-க்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கூடுதல் பெயர்களைச் சேர்த்தால் ஊகம் ஒழிந்துவிடும் என்று நினைப்பவர்கள் இதை எதிர்பார்ப்பதில்லை. அடிமட்டத்தில் பலன் கொஞ்சம்தான், மேல்மட்டத்தில்தான் பலன் தெரியும். நான்கு, ஐந்து, ஆறு தெரிந்தவர்கள் தனித்தனியாகப் பிரிந்து நிற்கிறார்கள். கழித்துக் கழித்துக் கடைசியை எட்டும் வழி அடைபட்டுவிட்டதுதான் காரணம்.

எல்லா இடத்திலும் ‘இ’ என்று எழுதி வைத்தால் 2 கிடைத்துவிடுமே என்று ஒரு பிள்ளை கண்டுபிடிக்கலாம். கிடைக்கும்தான். ஆனால் எந்தப் பெயர் இரண்டு முறை வருகிறது என்று அவனுக்கு முன்கூட்டித் தெரியாது. எல்லா இடத்திலும் ‘அ’ போட்டவனுக்குச் சுழிதான். ஏழு பெயர்களையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் அதே 6/7 வரும். ஒரு அரசரை இரண்டு முறைக்கு மேல் விடையாக்காமல் இருந்தால் போதும், இதற்காகத் தனி விதி எதுவும் வேண்டாம்.

சில ஆசிரியர்கள் பாதி வழியில் நின்றுவிடுவார்கள். சீர்திருத்தங்கள் ஐந்து, அரசர்கள் எட்டுப் பேர், ஆனால் ஒருவரை ஒரு முறைதான் பயன்படுத்தலாம் என்று வைப்பார்கள். இலவசம் குறையும். நான்கு தெரிந்தவருக்கு ஐந்தாவது நான்கில் ஒரு வாய்ப்புதான். ஆனால் சங்கிலிப் பிழை நீங்காது. பட்டா எதுவோ என்று தடுமாறி அங்கே அக்பரைச் செலவழித்துவிட்டவர், அடுத்ததற்கு அக்பர்தான் என்று நன்றாகத் தெரிந்தும் இரண்டில் எங்கே எழுதுவது என்று மறுபடி திணற வேண்டியிருக்கும். ‘மீண்டும் வரலாம்’ என்ற ஒரு வரிதான் அந்தக் கட்டை அவிழ்க்கிறது.

இனி மதிப்பிடுதலில் மிகச் சிக்கலான பகுதிக்கு வருகிறேன். வரலாற்றில் ஒரு சீர்திருத்தம் ஒருவருக்கே சொந்தமாக இருப்பது அரிது. குதிரைக்குச் சூடு போடும் முறையை அலாவுதீன் கொண்டுவந்தார். ஷெர்ஷா அதை மீண்டும் நடைமுறைப்படுத்தினார். அக்பரின் ஆட்சியிலும் அது இருந்தது. மாதிரி வினாவில் ‘டெல்லி சுல்தான்களில் முதலில்’ என்று நான் சேர்த்திருப்பது அதற்காகத்தான். அந்தச் சொற்கள் இல்லாமல் ‘குதிரைகளுக்குச் சூடு போடுதல்’ என்று மட்டும் வைத்திருந்தால், ஷெர்ஷா என்று எழுதியவருக்கு முழு மதிப்பெண் கொடுத்தே ஆக வேண்டும். சோழர்களை வைத்து வினா அமைத்தாலும் இதே கதைதான். நில அளவை என்று சொன்னால் முதலாம் இராஜராஜனும் வரலாம், 1086-இல் நிலத்தை அளக்கச் செய்த முதலாம் குலோத்துங்கனும் வரலாம். சுங்கம் தவிர்த்தது என்றால் குலோத்துங்கனை மட்டுமே குறிக்கும். ஆங்கிலேய ஆளுநர்களை எடுத்தால், விதவை மறுமணச் சட்டம் டல்ஹவுசி காலத்தில் முன்மொழியப்பட்டு, 1856 ஜூலையில் கானிங் பதவியில் இருந்தபோது சட்டமானது. சில புத்தகங்களில் ஒருவர் பெயர் இருக்கும், சிலவற்றில் மற்றவர் பெயர் இருக்கும். உடன்கட்டை ஏறுதலைத் தடை செய்த 1829-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்தத் தகராறு இல்லை, அது பெண்டிங்க்.

இதை முன்கூட்டியே பிடிக்க ஒரு எளிய வழி உண்டு. சீர்திருத்தங்களைக் கீழ்நோக்கியும் அரசர்களைக் குறுக்காகவும் எழுதிக் கட்டம் போடுங்கள். மாதிரி வினாவுக்கு ஆறுக்கு ஏழு, 42 கட்டங்கள். விடையாக நீங்கள் நினைக்கும் ஆறு கட்டங்களை விட்டுவிட்டு, மற்ற 36-இலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: நன்றாகப் படித்த ஒருவர் இந்த ஜோடியைப் பாடப் புத்தகத்தைக் காட்டி வாதாட முடியுமா? ஆம் என்று வருகிற கட்டத்துக்கு இரண்டு வழிதான். வாசகத்தைக் கூர்மையாக்கி அந்த வாதத்துக்கு வழியை அடைத்துவிடுங்கள், அல்லது அந்த விடையையும் சரியென்று விடைக்குறிப்பில் எழுதுங்கள். மாதிரி வினாவில் இரண்டாவது வரிசையும் நான்காவது வரிசையும் அப்படித்தான் கூர்மையாயின. முகலாயர் காலத்திலும் கால்வாய் வேலைகள் நடந்ததால் நான்காவதில் ‘டெல்லி சுல்தான்’ என்று சேர்த்தேன். கால் மணி நேர வேலை இது, தாள் திருத்திய பிறகு வரும் சச்சரவில் பாதி இல்லாமல் போகும்.

வாதாடக்கூடிய விடைக்கு அரை மதிப்பெண் போதாதா என்று கேட்பீர்கள். போதாது என்பது என் கருத்து. வாசகப்படி அது சரியென்றால் முழுச் சரி. நாம் எதிர்பார்த்தது வேறு என்பதற்காகப் பாதியைப் பிடித்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை. வாசகப்படி தவறென்றால் முழுத் தவறு. நிர்வாகத்தில் பங்கெடுத்த அமைச்சரை அரசர் பட்டியலில் கலந்துவிட்டால்தான் உண்மையான இடைநிலை வரும். பத்தாண்டுச் சராசரி முறைக்குப் பின்னால் இருந்த வருவாய் அமைச்சர் தோடர்மால். அவருடைய பெயரும் அக்பருடைய பெயரும் ஒரே பட்டியலில் இருந்தால் இரண்டும் சரி. அதனால் பட்டியலில் அரசர்களை மட்டுமே வையுங்கள்.

‘கிட்டத்தட்ட சரி’ என்று அரை மதிப்பெண் தரும் பழக்கம் இன்னொன்று உண்டு. பிரோஸ் ஷாவுக்குப் பதில் முகமது பின் துக்ளக்கை எழுதினால், அதே வம்சம்தானே என்று அரை மதிப்பெண் கொடுப்பது. மனசு கேட்காமல் செய்வதுதான், எனக்குப் புரிகிறது. ஆனால் பெயர் ஒத்திருப்பதால் வந்த தடுமாற்றமா, காலம் தெரிந்ததால் வந்த நெருக்கமா என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. கால வரிசையில் பக்கத்தில் இருப்பவருக்கு அரை என்று விதி வைத்தால், நடுவில் உள்ள அரசருக்கு இரண்டு பக்கத்திலும் அண்டை உண்டு. ஊகிப்பவருக்கு ஒரு வரிசையில் கிடைக்கும் சராசரி 1/7-இலிருந்து 2/7 ஆக, அதாவது இரட்டிப்பாக ஆகிவிடும். காலம் தெரியுமா என்று சோதிக்க வேண்டுமானால் அதற்குத் தனியாக ஒரு வினா வையுங்கள். யார் முதலில் ஆண்டார் என்று வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். பொருத்துக வினாவில் அதை நுழைக்காதீர்கள்.

தாள்களைத் திருத்தி முடித்ததும் அந்தக் கட்டத்தையே மறுபடி எடுங்கள். ஒவ்வொரு சீர்திருத்தத்துக்கும் எத்தனை பேர் எந்த அரசரை எழுதினார்கள் என்று கட்டத்தில் கோடு போட்டு எண்ணுங்கள். தவறுகள் எல்லாப் பெயர்களிலும் சிதறிக் கிடந்தால் அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். தவறுகள் ஒரே பெயரில் குவிந்திருந்தால் நிறுத்திப் பாருங்கள். அப்படி எழுதியவர்கள் மற்ற வரிசைகளில் குறைவாக வாங்கியவர்கள் என்றால் வகுப்பில் பரவலான ஒரு தவறான புரிதல் இருக்கிறது. அடையாள நாணயமும் ஷெர்ஷாவும் இப்படித்தான் ஒட்டிக்கொள்ளும், மறுபடி பாடம் நடத்த வேண்டும். எழுதியவர்கள் மற்ற வரிசைகளில் நன்றாக வாங்கியவர்கள் என்றால் பெரும்பாலும் உங்கள் வாசகம்தான் இரண்டு பக்கமும் பார்க்கிறது. பாடப் புத்தகத்தைத் திறந்து சரிபாருங்கள். அந்த விடைக்கும் அதில் ஆதாரம் இருந்தால், அப்படி எழுதிய எல்லாருக்கும் முழு மதிப்பெண்ணைச் சேருங்கள். கேட்க வந்தவருக்கு மட்டும் சேர்த்துவிட்டு, வராமல் அமைதியாக இருந்தவரை விட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே சரியென்று பெற்றவர்களிடமிருந்து எதையும் எடுக்க வேண்டாம்.

உங்களுடைய இப்போதைய தாள்களிலும் இந்த எண்ணிக்கையைச் செய்து பார்க்கலாம். பட்டாவையும் மன்சப்தாரியையும் மாற்றியவர்கள் அவள் ஒருத்தி மட்டும்தானா, இல்லை வகுப்பில் பலரா என்று தெரியும். பலர் என்றால், மதிப்பெண்ணை அப்படியே விட்டுவிட்டு, ஷெர்ஷாவின் வருவாய் முறையில் எது அக்பர் காலத்தில் தொடர்ந்தது, எது அக்பர் காலத்தில் புதிதாக வந்தது என்று ஒரு வகுப்பை அதற்கே ஒதுக்குங்கள். அப்புறம் மேலே உள்ள ஆறு வரி வினாவைக் கொடுத்து, ஐந்தாவதிலும் ஆறாவதிலும் அவர்கள் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள்.